கூட்டுத்தொகை சரி, பருவம் தலைகீழ்: 25 கிலோமீட்டர் மழைத்தரவைப் பத்மநாபபுரத்தில் வைத்து வாசித்தல்

2020-ல் 'சயின்டிஃபிக் டேட்டா' இதழில் ஒரு கட்டுரை வந்தது. விமல் மிஸ்ரா, உதித் பாட்டியா, அமர் தீப் திவாரி மூவரும் எழுதியது. உலகக் காலநிலை மாடல்கள் 13-ன் வெளியீட்டை எடுத்து, தெற்காசியா முழுவதற்கும் 0.25 பாகைக் கட்டங்களில், நாள்வாரியாக, 1951 முதல் 2100 வரை மழையும் வெப்பநிலையும் கொடுத்திருக்கிறார்கள். நான்கு எதிர்காலக் காட்சிகள். எல்லாம் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இந்தியாவில் நீர்வளம் பற்றி எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. அதில் மாற்றுக்கருத்து இல்லை.

என் விமர்சனம் அந்தத் தொகுப்பைத் தயாரித்தவர்கள்மேல் அல்ல. அப்படி ஒரு கோப்பைத் திறந்து, நம்ம ஊருக்கான கட்டத்தைத் தேடி, '2060-ல் இங்கே இத்தனை மில்லிமீட்டர்' என்று திட்ட அறிக்கையில் ஒட்டிவிடும் பழக்கத்தின்மேல். அந்த எண்ணுக்குள் என்ன செய்யப்பட்டிருக்கிறது, எதை அது தாங்கும், எதைத் தாங்காது என்பதைப் பத்மநாபபுரத்தை வைத்துப் பார்ப்போம். இந்த ஊரைவிடக் கடினமான பரீட்சை தமிழ்நாட்டில் அதிகம் கிடைக்காது.

ஒரு கட்டத்துக்குள் எத்தனை ஊர்

உலக மாடலின் ஒரு கட்டம் பொதுவாக 100 முதல் 250 கிலோமீட்டர் வரை அகலம். அந்த அளவில் பார்த்தால் குமரி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அரபிக்கடல், மலைத்தொடரின் தென்கோடி, மன்னார் வளைகுடா எல்லாம் சேர்ந்து ஒரு சதுரம். 1,868 மீட்டர் அகத்தியர் மலை அந்தச் சதுரத்தில் சராசரியாகிக் கரைந்து ஒரு சின்ன மேடாகிவிடும். ஆனால் நமக்குத் தென்மேற்குப் பருவமழை கிடைப்பதே மேற்குக் காற்றை அந்த மலை தடுப்பதால்தான். மலை இல்லாத மாடலில் மழைக்கான காரணமே பாதி இல்லை.

இந்திய வானிலைத் துறையின் மழைக்கட்டத் தரவு இதைவிட ரொம்ப நுணுக்கம். 0.25 பாகை, அதாவது சுமார் 27 கிலோமீட்டர். நாடு முழுக்க 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளை இடைக்கணிப்பு செய்து உருவாக்கியது. மேலே சொன்ன தொகுப்பு இந்தியாவுக்குள் 'உண்மை' என்று எடுத்துக்கொள்வது இதைத்தான். மாடலை இதன் பக்கம் இழுப்பதுதான் திருத்தம்.

பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது வடக்கே 8.25, கிழக்கே 77.33 பாகையில். வானிலைத் துறையின் கட்டப்புள்ளிகளில் நமக்குப் பக்கத்தில் இருப்பது 8.25, 77.25. அதைச் சுற்றிய சதுரத்தில் தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் மூன்றும் வந்துவிடும், கூடவே கொஞ்சம் கடலும். கிழக்கே அடுத்த கட்டம் 77.50. அதில் நாகர்கோவிலும் ஆரல்வாய்மொழியும் ஒன்றாக இருக்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூலை மாதம் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே வருவது மழை இல்லை, காற்று. முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதற்கே அதுதான் காரணம். தரவில் இரண்டு ஊருக்கும் ஒரே எண். மாவட்டம் முழுவதும் சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் அது இரண்டு கட்டங்களுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

ஆக 'நுணுக்கமான தரவு' என்றாலும் அதன் கண்ணுக்குத் தெரியும் மிகச்சிறிய பொருள் ஒரு தாலுகா அளவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி திருத்தத்துக்கு வருவோம்.

தரவரிசையை ஒட்டும் வேலை

மாடலின் மழைக்கும் உண்மையான மழைக்கும் நிலையான வித்தியாசம் இருக்கும். பெரும்பாலான மாடல்கள் அடிக்கடி தூறலும், அபூர்வமாகவே கனமழையும் தரும். துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்த குறை இது. இந்த நிலையான சாய்வைச் சரிசெய்வதுதான் சாய்வுத் திருத்தம். பல முறைகள் இருக்கின்றன, அந்தத் தொகுப்பு பயன்படுத்தியது அனுபவவழிக் குவான்டைல் மேப்பிங். பெயர் பெரிதாக இருந்தாலும் யோசனை எளிது. மாடலின் நாள்களை மழையளவுப்படி வரிசையாக நிறுத்து. உண்மை நாள்களையும் அப்படியே நிறுத்து. மாடலின் நான்காவது சிறிய மழைக்கு, உண்மையின் நான்காவது சிறிய மழையை ஒட்டு. அவ்வளவுதான். சூத்திரமாக எழுதினால்:

```
x_corr = F_obs^-1( F_mod(x) )
```

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த நிலையத்தின் பதிவும் இல்லை.

உண்மையில் தென்மேற்குப் பருவத்தில் ஐந்து மழைநாள்: 8, 10, 12, 14, 16 மி.மீ. கூட்டினால் 60. வடகிழக்கில் ஐந்து நாள்: 5, 15, 25, 35, 40. கூட்டினால் 120. மொத்தம் 180.

மாடலில் எல்லாமே தூறல், கூடவே பருவங்களின் பலமும் மாறிக்கிடக்கிறது. தென்மேற்கில் 4, 7, 8, 9, 10. வடகிழக்கில் 1, 2, 3, 5, 6. மொத்தம் 55.

இப்போது ஆண்டு முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் திருத்துவோம். உண்மையின் வரிசை 5, 8, 10, 12, 14, 15, 16, 25, 35, 40. மாடலின் வரிசை 1 முதல் 10 வரை. எனவே 1 என்பது 5 ஆகும், 2 என்பது 8 ஆகும், இப்படியே போய் 10 என்பது 40 ஆகும். மாடலின் வடகிழக்கு நாள்களுக்குக் கிடைப்பது 5, 8, 10, 14, 15. கூட்டினால் 52. தென்மேற்கு நாள்களுக்கு 12, 16, 25, 35, 40. கூட்டினால் 128.

மொத்தம் 180, கச்சிதம். சராசரி சரி, அதிகபட்சம் சரி, மழையளவுகளின் பரவல் புள்ளிக்குப் புள்ளி சரி. ஆனால் 60-க்கு 120 என்று இருந்த பருவங்கள் 128-க்கு 52 என்று தலைகீழாகிவிட்டன. ஆண்டுச் சராசரியும் உச்சமும் மட்டும் பார்க்கிற எந்தப் பரிசோதனையிலும் இது முழு மதிப்பெண் வாங்கும்.

சென்னையில் இந்தக் கோளாறு இருந்தால் சீக்கிரம் கண்ணில் படும். அங்கே வடகிழக்குப் பருவம் ஒன்றுதான் பெரிய பருவம், தலைகீழானால் யாருக்கும் தெரிந்துவிடும். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமும் ஏறக்குறையச் சம பலம், தலா 500 மி.மீ.யை ஒட்டி. ஒன்றின் பிழையை மற்றது மறைக்க இதைவிட வசதியான இடம் வேறு இல்லை. அதனால்தான் கடினமான பரீட்சை என்றேன்.

பயிர்க்கணக்கிலும் இது வெறும் கூட்டல் கழித்தல் இல்லை. கன்னிப்பூ நெல் கோடை மழையையும் தென்மேற்கையும் நம்பியது. கும்பப்பூ வடகிழக்கையும் அணையில் மிஞ்சியதையும் நம்பியது. பேச்சிப்பாறை (48 அடி), பெருஞ்சாணி (77 அடி) அணைகளிலிருந்து பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாய்க்கு எப்போது எவ்வளவு தண்ணீர் விடலாம் என்ற கேள்விக்கு ஆண்டு மொத்தம் எந்தப் பதிலும் தராது.

மாதவாரியாகத் திருத்தினால்?

'அப்போ மாதம் மாதமாகத் திருத்த வேண்டியதுதானே' என்று கேட்பீர்கள். ஆமாம், கவனமாகச் செய்கிறவர்கள் பருவவாரியாகவோ மாதவாரியாகவோதான் செய்வார்கள். மேலே சொன்ன தலைகீழ்க் கோளாறு அதில் சரியாகிவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

ஜூன் மாதத்தை எடுங்கள். மாடலில் பருவமழை இரண்டு வாரம் தாமதமாகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பதினைந்து நாள் கிட்டத்தட்டக் காய்ந்து கிடக்கிறது. திருத்தம் ஜூன் மாதத்தின் மொத்தத்தை உண்மைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். எப்படிக் கொண்டுவரும்? இருக்கிற பிற்பாதி மழைநாள்களை ஊதிப் பெரிதாக்கித்தான். மொத்தம் சரியாகும். முதல் பாதி காய்ந்தபடியே இருக்கும், பிற்பாதியில் வெள்ளம் வரும். குவான்டைல் மேப்பிங் அளவை மாற்றும், வரிசையை மாற்றாது. எந்த நாளுக்குப் பிறகு எந்த நாள், தொடர்ந்து எத்தனை நாள் வறட்சி என்பதெல்லாம் மாடல் சொன்னதுதான்.

நாற்றங்காலுக்கும் குளத்துக்கும் இதுதான் முக்கியமான விஷயம். பத்து நாள் இடைவெளியில் 200 மி.மீ. பெய்வதும், மூன்று நாளில் 200 மி.மீ. கொட்டிவிட்டு மூன்று வாரம் காய்வதும் குளத்துக்கு ஒன்றல்ல. இரண்டாவதில் பாதி மறுகால் வழியாகக் கடலுக்குப் போய்விடும்.

சரிபார்ப்பு எதைச் சரிபார்க்கிறது

இங்கேதான் மென்பொருள்காரனாக எனக்கு உறுத்துகிறது. திருத்தப்பட்ட கடந்தகாலத் தரவைப் பார்வைத்தரவோடு ஒப்பிட்டு, சராசரியும் உச்சமும் பொருந்துகின்றன என்று காட்டுவது இத்துறையில் வழக்கம். அந்த 2020 கட்டுரையின் மதிப்பீடும் சராசரிகளையும் உச்சங்களையும் பார்வைத்தரவோடு ஒப்பிடுவதுதான். ஆனால் இந்த முறையின் வேலையே பரவலைப் பொருத்துவது. பொருத்திய பிறகு பொருந்துகிறதா என்று பார்ப்பது, ஃபங்ஷனுக்குள் விடையை எழுதிவைத்துவிட்டு டெஸ்ட் பச்சையாகிறதா என்று பார்ப்பது மாதிரி.

சரி, 30 வருடத்தை வைத்துப் பொருத்திவிட்டு அடுத்த 30 வருடத்தில் சோதிக்கலாமே? அதுவும் முழுப் பதில் இல்லை. டக்ளஸ் மரவுன், மார்ட்டின் விட்மன் இருவரும் 2018-ல் ஒரு கட்டுரையில் இதைத்தான் காட்டினார்கள். காலநிலை மாடல் நாள்காட்டியோடு ஓடுவதில்லை. அதன் 1995-க்கும் நம் 1995-க்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு முப்பதாண்டுகளுக்கு நடுவே தற்செயலாக மழை கூடலாம், குறையலாம். அதனால் நல்ல திருத்தம் தோற்கவும் வாய்ப்புண்டு, அபத்தமான திருத்தம் ஜெயிக்கவும் வாய்ப்புண்டு.

பிறகு எதைச் சோதிப்பது? திருத்தம் தொடாத குணங்களை. வறண்ட நாள்களின் தொடர் நீளம், பருவம் தொடங்கும் தேதி, அக்கம்பக்கத்துக் கட்டங்களுக்கு இடையேயான உறவு. இவை பொருந்தினால் மாடலில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். பொருந்தவில்லை என்றால் மேற்பூச்சு மட்டும்தான் புதிது.

பெரியதைச் சின்னதாக வெட்டும்போது

அந்த அக்கம்பக்க உறவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உலக மாடலின் ஒரே பெரிய கட்டத்திலிருந்து தக்கலைக் கட்டத்துக்கும் ஆரல்வாய்மொழிக் கட்டத்துக்கும் மழை வருகிறது. இடைக்கணிப்பு செய்தாலும் இரண்டுக்கும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரே தொடர்தான். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அதனதன் உண்மைப் பரவலுக்கு இழுக்கிறோம். மேற்கே அதிக மழை, கிழக்கே குறைந்த மழை என்ற வித்தியாசம் அழகாக வந்துவிடும். வரைபடத்தில் பார்த்தால் மலை, கணவாய், கடற்கரை எல்லாம் தெரியும். பார்ப்பவருக்கு 'ஆஹா, நுணுக்கம்' என்று தோன்றும்.

ஆனால் நாள்கள்? மேற்கின் அதிகபட்ச மழைநாளும் கிழக்கின் அதிகபட்ச மழைநாளும் ஒரே நாளாக இருக்கும், ஏனென்றால் வரிசை ஒன்றே. நிஜத்தில் அக்டோபர் மாலை இடிமழை தக்கலையில் கொட்டும்போது பத்து கிலோமீட்டர் தள்ளித் தூறல்கூட இருக்காது. தரவில் எல்லாக் கட்டமும் ஒன்றாக நனையும், ஒன்றாகக் காயும். மரவுன் 2013-லேயே இதை எச்சரித்திருக்கிறார். பெரிய கட்டத்தின் மந்தமான ஏற்ற இறக்கத்தைச் சின்ன இடத்தின் துள்ளலுக்கு ஊதினால், அந்த ஊதல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடக்கும். ஆற்றுப்படுகை முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போது வெள்ளத்தின் உச்சம் மிகையாகும்.

இதைக் கண்டுபிடிக்க ரொம்ப வேலை இல்லை. இரண்டு கட்டங்களின் நாள்வாரி மழையை எடுத்து, தரவரிசை ஒட்டுறவைப் பார்வைத்தரவிலும் திருத்திய தரவிலும் கணக்கிட்டால் போதும்:

```python
# obs, mod: தேதி index, A, B இரண்டு கட்டங்கள்
for name, d in (("obs", obs), ("mod", mod)):
    w = d[d.index.month.isin([10, 11, 12])]
    print(name, w["A"].corr(w["B"], method="spearman"))
```

இரண்டாவது எண் முதலாவதைவிடத் தெளிவாகப் பெரிதாகி 1-ஐ நெருங்கினால், உங்களிடம் இருப்பது இரண்டு இடத்துத் தரவு இல்லை. ஒரே இடத்துத் தரவு, இரண்டு வண்ணத்தில். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பார்வைத்தரவே இடைக்கணிப்பு என்பதால் அதிலும் அக்கம்பக்க உறவு நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அதையும் தாண்டி மாடலின் எண் மேலே நின்றால் சந்தேகமே வேண்டாம்.

எதிர்காலத்துக்குப் போகும்போது

நம் சின்ன அட்டவணைக்கே திரும்புவோம். மாடலின் 8 என்பது 25 ஆனது, 9 என்பது 35 ஆனது. எதிர்காலத்தில் மாடல் ஒரு நாள் மழையை 8-லிருந்து 9-க்கு உயர்த்துகிறது என்றால், மாடல் சொல்வது 12.5 சதவீத உயர்வு. திருத்திய தரவு சொல்வது 25-லிருந்து 35, அதாவது 40 சதவீதம். கூடுதல் 27.5 சதவீதம் இயற்பியலில் இருந்து வரவில்லை, அட்டவணையின் சரிவிலிருந்து வந்தது. வேறு இடத்தில் அதே அட்டவணை உயர்வைக் குறைத்தும் காட்டும். மாடலின் 4-லிருந்து 5, 25 சதவீத உயர்வு. திருத்திய பின் 12-லிருந்து 14, வெறும் 17 சதவீதம்.

மாடல் 11 சொன்னால்? அட்டவணையில் 11 கிடையாது. கடைசி வித்தியாசமான 30-ஐக் கூட்டினால் 41. கடைசி விகிதமான 4-ஆல் பெருக்கினால் 44. கண்டதில் பெரியதோடு நிறுத்திக்கொண்டால் 40. மூன்றுமே நடைமுறையில் உள்ள தேர்வுகள். எது என்பதை நிரலின் ஒரு வரி தீர்மானிக்கிறது, வானம் அல்ல.

இது வெறும் கணக்கு விளையாட்டு அல்ல. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. பத்மநாபபுரத்திலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் அது. நம்ம கட்டத்தின் கடந்தகால அட்டவணையில் அந்த மாதிரி நாளுக்கு வரிசையே கிடையாது. ஒரு பாலத்தின் உயரத்தையோ குளத்து மறுகாலின் அகலத்தையோ தீர்மானிப்பது அந்த மாதிரி நாள்தான். அதாவது எந்த நாளுக்காகத் தரவைத் தேடுகிறோமோ, சரியாக அந்த நாளில்தான் இந்த முறைக்குச் சொல்ல எதுவும் இல்லை.

மாடலின் சதவீத மாற்றத்தைச் சிதைக்காமல் காப்பாற்றும் முறைகள் உண்டு. கேனன், சோபி, முர்டாக் 2015-ல் எழுதிய குவான்டைல் டெல்டா மேப்பிங் அதில் ஒன்று. ஒவ்வொரு தரவரிசையிலும் மாடல் எத்தனை மடங்கு மாறியது என்பதைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, திருத்திய பின் அந்த மடங்கைத் திரும்பப் பெருக்கும். நேர்மையான முன்னேற்றம். ஆனால் மாடலின் மாற்றமே தவறான காரணத்தால் வந்தது என்றால், அந்தத் தவறையும் பத்திரமாகக் காப்பாற்றித் தரும். மலை தெரியாத மாடல் மலையடிவார மழையின் மாற்றத்தைச் சரியாகச் சொல்லும் என்று நம்ப ஒரு காரணம் வேண்டும் இல்லையா?

அப்போது என்ன செய்யலாம்

தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்தக் கேள்வியை அதனிடம் கேட்கலாம் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

பருவ மொத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது, 13 மாடல்களில் எத்தனை ஒரே திசையைக் காட்டுகின்றன என்று கேட்கலாம். பருவவாரியாகப் பிரித்து, அணைப் பகுதியையும் சமவெளியையும் சேர்த்தெடுத்த பெரிய பரப்புக்கு, முப்பதாண்டுச் சராசரியாக. பதிலை ஒற்றை எண்ணாக எழுதக்கூடாது. குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்ற வீச்சாக எழுத வேண்டும். 13 மாடலையும் சராசரியாக்கினால் ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதும் அடிபட்டு, யாருமே சொல்லாத ஒரு எண் கிடைக்கும். அந்தக் கட்டுரையின் சுருக்கத்தில் இருக்கும் 13 முதல் 30 சதவீத மழை உயர்வு தெற்காசியா முழுமைக்குமான எண். அதைத் தூக்கிப் புத்தனாறு கால்வாயில் ஊற்ற முடியாது.

கேட்கக்கூடாதது: எந்த வாரம் குளம் நிரம்பும், இரண்டு கட்டங்களில் ஒரே நாளில் வெள்ளம் வருமா, நூறாண்டுக்கு ஒருமுறை வரும் நாள்மழை எவ்வளவு. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நாள்களின் வரிசையும் இடங்களின் உறவும் வேண்டும், அவை திருத்தப்படவே இல்லை. மூன்றாவதற்கு அட்டவணைக்கு வெளியே போக வேண்டும். அதற்கு மழைமானிப் பதிவுகளின்மேல் நேரடியாக உச்ச மதிப்புப் பகுப்பாய்வு செய்து, அதில் ஒரு பாதுகாப்பு விகிதம் சேர்ப்பது எவ்வளவோ மேல். 27 கிலோமீட்டர்க் கட்டத்தின் சராசரி, ஒரு மழைமானியின் உச்சத்தைக் காட்டவே காட்டாது.

திட்ட அறிக்கை எதையாவது படிக்கும்போது மூன்று விஷயம் தேடுங்கள். திருத்தம் ஆண்டுவாரியா, மாதவாரியா என்று எழுதியிருக்கிறதா? தென்மேற்கும் வடகிழக்கும் தனித்தனியாகப் பார்வைத்தரவோடு ஒப்பிடப்பட்டிருக்கின்றனவா? மாடல்களுக்கு இடையேயான வீச்சு இருக்கிறதா? மூன்றும் இல்லாமல் தசமப்புள்ளியோடு ஒரு எண் மட்டும் இருந்தால், அதில் குமரி மாவட்டத்தின் பெயர் இருக்கும், மழை இருக்காது.